கால்வாய்க் கரையில் அறுபது சென்சார்கள்: லோராவான் வழியே ஃபர்ம்வேர் மாற்றம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பாசனக் கால்வாய் நெடுக அறுபது நீர்மட்ட சென்சார்கள். ஒவ்வொன்றும் கம்பத்தில் பொருத்திய சிறு பெட்டி. உள்ளே தண்ணீரை நோக்கிக் கீழே பார்க்கும் அல்ட்ராசோனிக் தலை, எஸ்.டி.எம்.32 டபிள்யூ.எல். சிப், 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, லோராவான் வழியே ஒரே ஒரு கேட்வேக்கு அனுப்பும். அலைவரிசை இந்தியாவுக்கான 865–867 மெகாஹெர்ட்ஸ். இந்த அமைப்பு கணக்குப் போட எடுத்துக்கொண்ட மாதிரி. இதில் வரும் நேரங்களும் மின்செலவும் அந்தக் கணக்கிலிருந்து வருபவை. வழிமுறைகளும் வரம்புகளும் இதே சிப்பையும் இதே நெறிமுறையையும் கொண்ட எந்த அமைப்புக்கும் பொருந்தும்.

மாற்ற வேண்டிய பிழை சிறியதுதான். 1.3.2 பதிப்பில் ஒலியின் வேகம் 25 டிகிரிக்கான ஒரே எண்ணாக வைக்கப்பட்டிருக்கிறது. காற்று 40 டிகிரிக்குப் போனால் ஒலி சுமார் 2.5 சதவீதம் வேகமாகச் செல்லும். தலைக்கும் தண்ணீருக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால் மதிய அளவு 5 சென்டிமீட்டர் தவறும். மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவருக்கு அது பெரிய பிழை. வெப்பநிலையைப் படித்துத் திருத்தும் 1.4.0 பதிப்பு தயார். அதை அறுபது கம்பங்களுக்கும் ஏணி தூக்கிப் போகாமல் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஒன்றுகூட ஊமையாகிவிடக் கூடாது.

முழு ஃபைலையும் அனுப்பினால் என்ன ஆகும்

ஃபர்ம்வேர் 90 கே.பி. லோராவானில் வேகத்தைக் குறிப்பது எஸ்.எஃப். எண், அது கூடக்கூட வேகம் குறையும். எஸ்.எஃப். 10 வேகத்தில் லோராவான் ஒரு செய்தியில் 51 பைட் மட்டுமே ஏற்கும். துண்டு எண்ணுக்கும் கட்டளைக்கும் 3 பைட் போனால் மீதி 48. ஆக 1,920 துண்டுகள். அப்படி ஒரு துண்டு காற்றில் இருக்கும் நேரம் 0.7 விநாடி. எல்லாம் சேர்ந்து 22 நிமிடத்துக்குச் சற்றே கூட.

இருபத்திரண்டு நிமிடம் என்பது பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த சென்சார்கள் 'கிளாஸ் ஏ' முறையில் இயங்குகின்றன. தாம் ஒரு செய்தி அனுப்பிய பின்புதான் சிறிது நேரம் காது திறக்கும், அந்த இடைவெளியில் ஒரு செய்தியே உள்ளே வர முடியும். நாளுக்கு 96 முறை. 1,920 துண்டுகளுக்கு ஒன்றுகூடத் தவறாமல் போனாலும் இருபது நாள் ஆகும். மேலும் அறுபது சென்சார்களுக்கும் தனித்தனியே அனுப்பினால் கேட்வே மொத்தம் 22 மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டும். பெரும்பாலான கேட்வேக்கள் பேசும்போது கேட்காது. அந்த நேரத்தில் எந்தக் கம்பத்திலிருந்து நீர்மட்டம் வந்தாலும் காற்றோடு போகும்.

இந்திய அலைவரிசைக்கு லோராவான் விதிகளில் டியூட்டி சைக்கிள் வரம்பு இல்லை. ஐரோப்பாவில் 869.525 மெகாஹெர்ட்ஸ் சேனலில்கூட பத்து சதவீத நேரமே பேசலாம். வரம்பு இல்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று இங்கே பலர் எண்ணிவிடுகிறார்கள். கேட்வே காது அடைபடும் நேரம்தான் உண்மையான வரம்பு. அது சட்டத்தைப் பார்த்து மாறாது.

பேட்டரியைப் பற்றிய அச்சம் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க இந்தச் சிப் சுமார் 5 மில்லிஆம்பியர் எடுக்கும். மற்ற பாகங்களையும் சேர்த்து 5.5 என்று வைப்போம். இழப்புக்கான கூடுதல் துண்டுகளோடு முழு ஃபைலையும் வாங்க 2,500 துண்டு, இரண்டு விநாடிக்கு ஒன்று, 5,000 விநாடி. அதற்கு 7.6 மில்லிஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 8,500. சென்சார் சராசரியாக நாளுக்கு 3.6 செலவழிக்கிறது என்றால், முழு டவுன்லோடு இரண்டு நாள் ஆயுளைத்தான் தின்னும். ஆயுளை உண்மையில் குடிப்பது முடிவடையாத கேட்பு. கேட்கும் நிலையிலேயே சிக்கிக்கொண்ட சென்சார் நாளுக்கு 132 மில்லிஆம்பியர்-மணி எரித்து, இரண்டு மாதத்தில் பேட்டரியைத் தீர்த்துவிடும். எனவே டவுன்லோடைச் சிறிதாக்குவது முதலில் கேட்வேக்காக. பேட்டரியைக் காப்பது, கேட்பதை எப்போது நிறுத்த வேண்டும் என்ற கண்டிப்பான கெடு.

வித்தியாசத்தை மட்டும் அனுப்புதல்

1.3.2 ஏற்கெனவே சென்சாரில் இருக்கிறது. அதற்கும் 1.4.0-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பேட்சாக அனுப்பினால் போதும். இந்த மாதிரியில் பேட்ச் 7 கே.பி. என்று கொள்வோம். 150 துண்டுகள்.

திருத்தியது இருபது வரிதானே, ஏன் 7 கே.பி. என்று கேட்கலாம். நடுவில் ஒரு ஃபங்ஷன் நாற்பது பைட் வளர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நாற்பது பைட் நகரும். நகர்ந்தவற்றை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் முகவரி மாறும். பேட்ச் செய்யும் கருவி இதை ஓரளவு சமாளிக்கும், முழுதும் அல்ல. எனவே கம்பைலர் பதிப்பை மாற்றாதீர்கள். ஆப்டிமைசேஷன் ஆப்ஷன்களைத் தொடாதீர்கள். ஃபைல்கள் லிங்க் ஆகும் வரிசையை நிலையாக வையுங்கள். `__DATE__`, `__TIME__` எங்காவது ஒளிந்திருந்தால் எடுத்துவிடுங்கள். கம்பைலரை மட்டும் புதுப்பித்துவிட்டுப் பேட்ச் எடுத்தால் அது முழு ஃபைல் அளவை நெருங்குவதை எளிதாகக் காணலாம்.

ஸெஃபிர் இயக்கத் தளமும் எம்.சி.யு.பூட் பூட்லோடரும் கொண்ட அமைப்பில் வேலை இப்படிப் போகும்:

```
imgtool sign --key node-p256.pem --header-size 0x200 \
  --align 8 --slot-size 0x1A000 --version 1.4.0 \
  app.bin node-1.4.0.signed.bin

detools create_patch -c heatshrink \
  node-1.3.2.signed.bin node-1.4.0.signed.bin node.patch

detools apply_patch node-1.3.2.signed.bin node.patch check.bin
cmp check.bin node-1.4.0.signed.bin
```

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடக் கூடாது. பேட்சைக் கணினியிலேயே பிரித்து, ஒரு பைட் மாறாமல் அதே ஃபைல் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் காற்றில் விட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது `node-1.3.2.signed.bin`. இது அன்று சென்சார்களில் ஏற்றிய அதே ஃபைலாக இருக்க வேண்டும். சோர்ஸ் கோடு கையில் இருக்கிறதே, மறுபடி கம்பைல் செய்து கையொப்பமிட்டால் அதே ஃபைல் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. இ.சி.டி.எஸ்.ஏ. கையொப்பத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சீரற்ற எண் கலக்கிறது. ஒரே ஃபைலுக்கு இருமுறை கையொப்பமிட்டால் இரண்டு வேறு கையொப்பங்கள் வரும், இரண்டும் செல்லும். ஆனால் அடிப்படை ஃபைலின் ஹேஷ் மாறிவிடும், சென்சார் பேட்சை ஏற்க மறுக்கும். வெளியிட்ட ஒவ்வொரு கையொப்பமிட்ட பைனரியையும் ஹேஷோடு சேர்த்து, அழிக்க முடியாத இடத்தில் வைத்திருப்பதே இதற்கு ஒரே மருந்து.

எல்லோருக்கும் ஒரே குரலில்

பேட்சை அறுபது பேருக்கும் ஒருசேர அனுப்பவே லோரா அலையன்ஸின் மூன்று விதித்தொகுப்புகள் உள்ளன. சென்சாரின் கடிகாரத்தைச் சரிசெய்வது ஒன்று. எல்லோரையும் ஒரு மல்டிகாஸ்ட் குழுவில் சேர்த்து, இன்ன நேரத்தில் 'கிளாஸ் சி' ஆகத் தொடர்ந்து கேளுங்கள் என்று சொல்வது இன்னொன்று. ஃபைலைத் துண்டாக்கி அனுப்பித் திரும்பச் சேர்ப்பது மூன்றாவது. இவற்றுக்கான போர்ட் எண்கள் முறையே 202, 200, 201.

முதலில் வேகம். குழுவில் மிக மோசமான சிக்னல் உள்ள சென்சார் எதைக் கேட்குமோ அதுவே எல்லோருக்கும் வேகம். எஸ்.எஃப். 10 சிக்னல் இரைச்சலுக்கு 15 டெசிபல் கீழே இருந்தாலும் புரியும், எஸ்.எஃப். 9-க்கு அந்த எல்லை 12.5. கடைசி ஒரு வாரச் செய்திகளைப் பார்த்து, எல்லையிலிருந்து 5 டெசிபலாவது மிச்சம் இருக்கும் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் சென்சார்களும் எஸ்.எஃப். 9 தாங்கினால் துண்டு 112 பைட் ஆகும், காற்று நேரம் அதே 0.7 விநாடிதான், துண்டுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போகும். நம் கால்வாயில் வளைவுக்கு அப்பால் சில கம்பங்கள் பலவீனமானவை என்பதால் எஸ்.எஃப். 10-இலேயே இருப்போம்.

அடுத்து இழப்பு. மல்டிகாஸ்டில் ஒப்புகை கிடையாது. ஒவ்வொரு சென்சாரும் வேறுவேறு துண்டுகளைத் தவறவிடும். தவறியதையெல்லாம் திரும்ப அனுப்பினால் ஏறக்குறைய முழுவதையும் மறுபடி அனுப்புவதாகிவிடும். துண்டாக்கும் நெறிமுறை இதை அழகாகத் தீர்க்கிறது. 150 அசல் துண்டுகள் முடிந்ததும், அவற்றில் ஏறக்குறைய பாதியைக் குறிப்பிட்ட முறையில் பொறுக்கி எக்ஸார் செய்த கலவைத் துண்டுகளை அனுப்புகிறது. ஒரு சென்சார் எந்த 38 துண்டுகளை இழந்திருந்தாலும், ஏறக்குறைய 40 கலவைத் துண்டுகள் கிடைத்தால் விடுபட்ட எல்லாவற்றையும் கணக்குப் போட்டு மீட்டுவிடும். அறுபது பேரும் வெவ்வேறு துண்டுகளை இழந்திருந்தாலும் அதே கலவை எல்லோருக்கும் உதவும்.

மிக மோசமான கம்பத்தில் நான்கில் ஒன்று தொலைகிறது என்று வைத்தால், 150-இல் 38 போகும். 40 கலவைத் துண்டு வந்து சேர 54 அனுப்ப வேண்டும். அறுபதாக வைப்போம். மொத்தம் 210 துண்டு, இரண்டு விநாடிக்கு ஒன்று, ஏழு நிமிடம். ஒரு சென்சாருக்கு 0.64 மில்லிஆம்பியர்-மணி, அதாவது நாலைந்து மணி நேர ஆயுள். கேட்வேயின் காது ஏழு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் அடைபடும்.

துண்டின் அளவை 48 என்று வைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. இந்தச் சிப்பின் ஃபிளாஷ் எட்டு எட்டு பைட்டாகத்தான் எழுதும், எழுதிய எட்டை அழிக்காமல் திருத்த முடியாது. 48 எட்டால் வகுபடும். வகுபடாத அளவை வைத்தால் ஒரு துண்டின் வால் அடுத்த துண்டின் தலையோடு ஒரே எட்டில் விழும், வரிசை மாறி வரும்போது எழுதவே முடியாமல் போகும்.

தொடக்க நேரத்தில் ஒரு குழி இருக்கிறது. அதைக் குறிக்கும் `SessionTime` ஜி.பி.எஸ். காலக் கணக்கில் இருக்க வேண்டும். அதில் யூனிக்ஸ் நேரத்தைப் போட்டால், சென்சார் பத்து வருடம் கழித்துக் கேட்கக் காத்திருக்கும். இரண்டுக்கும் இடையே 315,964,800 விநாடி வித்தியாசம், லீப் விநாடிகள் 18 தனி. சென்சார் திருப்பி அனுப்பும் பதிலில் `TimeToStart` வரும். நீங்கள் எதிர்பார்க்கும் எண் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தப் பிழை தொடக்கத்திலேயே பிடிபடும். கடிகாரம் ஒரு நாளில் இரண்டு விநாடி நகரும் என்பதால், அமர்வு தொடங்கி இருபது விநாடி கழித்து முதல் துண்டை அனுப்புங்கள்.

முடிவு நேரம் `TimeOut`. அது இரண்டின் அடுக்கு. 10 என்றால் 1,024 விநாடி. ஏழு நிமிட அமர்வுக்கு அதுவே தாராளம். பயத்தில் 15 என்று வைக்க வேண்டாம், அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல். இதோடு, சென்சாரின் கோடில் தனி டைமர் ஒன்று வைத்து, என்ன நடந்தாலும் அரை மணியில் கிளாஸ் ஏ-க்குத் திரும்பும்படி செய்யுங்கள். இரண்டு மாதத்தில் பேட்டரி தீரும் கதையைத் தடுப்பது இந்த டைமர்தான்.

கையொப்பம் எங்கே, யாருக்கு

லோராவான் செய்திகள் ஏற்கெனவே சாவி கொண்டு காக்கப்பட்டவை, பிறகு தனிக் கையொப்பம் எதற்கு? மல்டிகாஸ்ட் சாவி அறுபது பெட்டிகளிலும் ஒன்றே. ஒருவர் ஒரு பெட்டியைக் கழற்றி உள்ளிருக்கும் சாவியை எடுத்துவிட்டால், குழுவுக்கே துண்டு அனுப்ப முடியும். ஆகவே நெட்வொர்க்கின் சாவியை நம்பி ஃபர்ம்வேரை ஏற்கக் கூடாது. கையொப்பத்தின் ரகசியச் சாவி எந்தச் சென்சாரிலும் இல்லை. சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும் பூட்லோடருக்குள் இருக்கும்.

கையொப்பம் இரண்டு இடத்தில் வேண்டும். எம்.சி.யு.பூட் சரிபார்ப்பது முழுமையாக உருவான 1.4.0 ஃபைலை. ஆனால் அதற்கு முன்பே பேட்சைப் பிரிக்கும் கோடு ஓடிவிடுகிறது. யாரோ அனுப்பிய குப்பையை அந்தக் கோடு படித்துத் தடுமாறினால், பூட்லோடர் வருவதற்குள் கதை முடிந்துவிடலாம். எனவே பேட்சின் தலையில் அடிப்படை ஃபைலின் ஹேஷ், இலக்கு ஃபைலின் ஹேஷ், அதன் அளவு, வன்பொருள் வகை, பேட்ச் உடலின் ஹேஷ் ஆகியவற்றை வைத்து அதற்கும் ஒரு கையொப்பம் இடுங்கள். எல்லாம் சேர்ந்து 200 பைட்டுக்குள், நான்கைந்து துண்டு. அந்த விலை கொடுக்கத் தகும்.

ரகசியச் சாவி இணையத்தில் இல்லாத கணினியிலோ, சாவி வெளியே வராத வன்பொருளிலோ இருக்கட்டும். பூட்லோடரில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பொதுச் சாவிகளை வைத்து, இரண்டாவதன் ரகசியப் பாதியை வேறொரு இடத்தில் பூட்டி வையுங்கள். பூட்லோடரைக் காற்று வழியே மாற்றுவதில்லை, அதன் பக்கங்களுக்கு எழுத்துத் தடையும் போட்டிருக்கும். இருக்கும் ஒரே சாவி தொலைந்தால் அறுபது கம்பமும் ஏறியாக வேண்டும்.

ஃபிளாஷில் இடம், மின்சாரம் போனால்

256 கே.பி. ஃபிளாஷ் இப்படிப் பிரிகிறது: பூட்லோடருக்கு 32, ஓடும் ஸ்லாட்டுக்கு 104, புதிய ஃபைலுக்கான ஸ்லாட்டுக்கு 104, வரும் பேட்சுக்கு 12, அமைப்பு விவரங்களுக்கு 4. பேட்ச் முழுதாக வந்து கையொப்பம் செல்லுபடியான பிறகு, ஓடும் ஸ்லாட்டைப் படித்து இரண்டாவது ஸ்லாட்டில் 1.4.0 கட்டப்படும். இதுவரை ஓடிக்கொண்டிருக்கும் 1.3.2-க்கு ஒரு கீறலும் இல்லை. எங்கே நின்றாலும் முதலிலிருந்து கட்டலாம். கட்டியதைத் திரும்பப் படித்து ஹேஷ் ஒத்தால் மட்டும் `boot_request_upgrade(BOOT_UPGRADE_TEST)` அழைத்து ரீசெட். எம்.சி.யு.பூட் இரு ஸ்லாட்டுகளையும் இடம் மாற்றும். பழையதன் மேல் எழுதிவிடும் முறையும் அதில் உண்டு. இடம் மிச்சம், ஆனால் திரும்பி வரப் பழையது இருக்காது. வயல்வெளிக்கு அது வேண்டாம்.

இடமாற்றத்தின் நடுவே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எம்.சி.யு.பூட் குறிப்பு எழுதிக்கொண்டே போகும். ஆனால் இந்தச் சிப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஃபிளாஷ் பிழைதிருத்தக் குறி வைத்திருக்கிறது. எட்டு பைட்டை எழுதும் அதே கணத்தில் மின்னழுத்தம் விழுந்தால் தரவும் குறியும் ஒத்துப்போகாது. அடுத்த முறை பூட்லோடர் அந்த இடத்தைப் படிக்கும்போது என்.எம்.ஐ. குறுக்கீடு வரும். பெரும்பாலான புராஜெக்டுகளில் அதற்கான ஹேண்ட்லர் முடிவில்லாத வெற்று லூப். ஒவ்வொரு ரீசெட்டிலும் அதே இடம், அதே லூப், செத்த பெட்டி. மேசையில் டிபக்கரை மாட்டினால் புரோகிராம் கவுண்டர் ஹேண்ட்லரில் நிற்பதையும் `FLASH_ECCR`-இல் `ECCD` பிட் ஏறியிருப்பதையும் காணலாம். பூட்லோடரின் ஹேண்ட்லர் அந்தப் பிட்டை அழித்துவிட்டுத் திரும்ப வேண்டும், படித்த மதிப்பைச் செல்லாததாக எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்லோடரைப் பின்னால் மாற்ற முடியாது என்பதால் இது முதல் பெட்டி கம்பம் ஏறும் முன்பே இருக்க வேண்டும்.

மின்னழுத்தம் விழுவதும் அரிதல்ல. தயோனைல் குளோரைடு பேட்டரி நெடுநாள் சிறு மின்னோட்டத்திலேயே இருந்தால் உள்ளே ஒரு படலம் படியும், திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் சில நொடி தாழும். சும்மா இருக்கும்போது அளந்தால் 3.6 காட்டி ஏமாற்றும். ரேடியோ அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அளந்து, 3.0 வோல்ட்டுக்குக் கீழே என்றால் ஸ்லாட்டை மாற்றாமல் அந்தச் சேதியை மட்டும் அனுப்பும்படி வையுங்கள்.

பின்வாங்கல் உண்மையிலேயே பின்வாங்குகிறதா

1.4.0 இப்போது தற்காலிகமாக ஓடுகிறது. `boot_write_img_confirmed()` அழைக்கும் முன் எந்தக் காரணத்தால் ரீசெட் ஆனாலும் எம்.சி.யு.பூட் 1.3.2-ஐத் திரும்பக் கொண்டுவரும். இதில் கேள்வி, எப்போது உறுதி செய்வது?

`main()` தொடங்கிய உடனே உறுதி செய்யும் கோடை நிறையப் பார்க்கலாம். அது பின்வாங்கலே இல்லாததற்குச் சமம். புதிய பதிப்பு நீர்மட்டத்தை நம்பத்தக்க எல்லைக்குள் அளந்திருக்க வேண்டும். அதை அனுப்பி, சர்வரிலிருந்து பதிலும் வாங்கியிருக்க வேண்டும். பதில் வராமல் அனுப்பியது மட்டும் போதாது, ரேடியோவின் கேட்கும் பாதி உடைந்திருந்தால் இந்தச் சென்சாரை இனி யாராலும் புதுப்பிக்க முடியாது. அதனால் மல்டிகாஸ்ட் அமைப்புக் கட்டளை ஒன்றையும் சர்வர் அனுப்பி, அதற்கு ஒழுங்கான பதில் வந்த பிறகே உறுதி செய்ய வேண்டும். கேட்வேக்கு மின்சாரம் இல்லாத நேரமாக இருந்தால்? ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். ஒரு நாளிலும் பதில் இல்லையென்றால் சென்சார் தானே ரீசெட் செய்து பழையதற்குப் போகட்டும்.

வாட்ச்டாக்கைப் பூட்லோடரே தொடங்கிவிட வேண்டும். புதிய பதிப்பு தன் வாட்ச்டாக்கைத் தொடங்கும் முன்பே தொங்கினால் காப்பாற்ற வேறு ஆள் இல்லை. இந்தச் சிப்பின் தனி வாட்ச்டாக் அதிகபட்சம் சுமார் 32 விநாடி. சென்சாரோ பதினைந்து நிமிடம் தூங்கும். அதனால் தூக்கத்தில் வாட்ச்டாக்கை நிறுத்தும் ஆப்ஷன் பிட்டைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால், தூங்கப் போய் எழாமலே போகும் பிழையை வாட்ச்டாக் ஒருநாளும் பிடிக்காது. அலாரத்தைத் தவறாக அமைத்த புதிய ஃபர்ம்வேர் செய்யும் பிழை சரியாக இதுதான். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு மில்லிவிநாடி எழுந்து வாட்ச்டாக்கைத் தட்டிவிட்டுத் தூங்கினால் சராசரிச் செலவு 0.2 மைக்ரோஆம்பியர். அதையே செய்யுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சென்சார் ஊமையாகும் வழி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஸ்லாட் மாறும்போது கோடு மட்டும்தான் மாறுகிறது. அமைப்பு விவரங்களுக்கான அந்த 4 கே.பி. இரண்டு பதிப்புக்கும் பொது. அது பின்வாங்குவதில்லை.

நம் மாதிரியிலேயே பார்ப்போம். 1.4.0-க்கு வெப்பத் திருத்த எண்கள் இரண்டு சேமிக்க வேண்டும். எழுதியவர் பழைய பதிவை விரிவாக்கி, முதல் முறை ஓடும்போதே புதிய வடிவில் திரும்ப எழுதிவிடுகிறார். அந்தப் பதிவில் `DevNonce`-உம் இருக்கிறது. லோராவான் 1.0.4-இல் இது நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும் எண், பழைய எண்ணோடு வந்தால் சர்வர் ஏற்காது. இப்போது 1.4.0 ஏதோ ஒரு பிழையில் விழுகிறது, வாட்ச்டாக் ரீசெட் செய்கிறது, 1.3.2 திரும்புகிறது. பின்வாங்கல் வென்றது. ஆனால் 1.3.2-க்குப் புதிய வடிவப் பதிவு புரியவில்லை. புதுப் பெட்டி என்று எண்ணி `DevNonce`-ஐ 0-இலிருந்து தொடங்குகிறது. சர்வர் நிராகரிக்கிறது. பெட்டி சேரும் கோரிக்கையை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அனுப்பும் மின்னோட்டத்தில் பேட்டரி கரைகிறது.

இதை அடையாளம் காண்பது எளிது. செயலியில் சென்சார் மௌனம், ஆனால் கேட்வே பதிவில் அதே பெட்டியின் சேரும் கோரிக்கைகள் நல்ல சிக்னலோடு வந்துகொண்டே இருக்கும், `DevNonce` சிறிய எண்ணாக இருக்கும். அந்தப் பெட்டிக்கு மட்டும் சர்வரில் சேமித்த எண்களை அழித்தால் அடுத்த கோரிக்கையில் உயிர் வரும், கம்பம் ஏற வேண்டாம். அழிப்பதற்கு முன் கோரிக்கை உண்மையில் நம் பெட்டியிலிருந்துதான் வருகிறதா என்று சிக்னல் அளவை வைத்துப் பாருங்கள்.

அதைவிட, இந்த நிலைக்கே போகாமல் இருக்கலாம். `DevNonce` தனிப் பதிவில், என்றைக்கும் மாறாத வடிவில் இருக்கட்டும். புதிய விவரங்கள் புதிய எண்ணுள்ள பதிவில் போகட்டும், பழைய பதிவைத் தொட வேண்டாம். வடிவ மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால் உறுதி செய்த பிறகே செய்யுங்கள், பழைய பதிவை இன்னும் ஒரு பதிப்பு வரை அழிக்காமல் வையுங்கள். சோதனையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்: 1.3.2 ஓடும் பெட்டியில் 1.4.0 ஏற்றி, அது நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகு வேண்டுமென்றே விழச்செய்து, திரும்பிய 1.3.2 உண்மையான சர்வரில் சேர்கிறதா என்று பாருங்கள். பூட் ஆகிறதா என்று மட்டும் பார்த்து முடித்துவிட்டால் இந்தப் பிழை மேசையில் தெரியாது.

பழைய பதிப்புக்குத் தள்ளி ஓட்டையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பாதுகாப்பு எண்ணை வைத்திருப்பவர்கள் அதையும் உறுதி செய்த பிறகே கூட்ட வேண்டும். முன்பே கூட்டினால், திரும்ப வேண்டிய 1.3.2-ஐப் பூட்லோடரே மறுக்கும்.

வரிசையாக இறக்குதல்

முதல் குழு மூன்று பெட்டிகள், மூன்றும் சாலையோரக் கம்பங்களில், ஏணி வைத்தால் எட்டும் இடத்தில். இரண்டு நாள் பார்த்துவிட்டு, பலவீன சிக்னல் உள்ளவை கலந்த பத்து. பிறகு மீதி நாற்பத்தேழு. ஒவ்வொரு குழுவுக்கும் தனி மல்டிகாஸ்ட் முகவரி. பேட்ச் அமர்வின் `Descriptor`-இல் உள்ள நான்கு பைட்டில் அடிப்படைப் பதிப்பையும் இலக்குப் பதிப்பையும் எழுதிவிட்டால், 1.3.1-இல் நிற்கும் பெட்டி ஏதாவது இருந்தால் அது துண்டுகளை வாங்காமலே விலகிவிடும்.

அமர்வு முடிந்ததும் நிலை கேட்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மோதிக்கொள்வார்கள். `BlockAckDelay`-ஐ 4 என்று வைத்தால் பதில்கள் 256 விநாடிக்குள் சிதறும். ஒரு பெட்டி 0 துண்டு என்றால் நேரக் குழப்பம் அல்லது வேகம் பொருந்தவில்லை, `TimeToStart` பதிவைப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்து நின்றிருந்தால் இழப்புக் கணக்கு குறைவு, இன்னும் இருபது முப்பது கலவைத் துண்டுகள் அனுப்புங்கள், ஏற்கெனவே முடித்தவர்களுக்கு அதனால் கேடில்லை. எல்லாம் வந்தும் புதிய பதிப்புக்குப் போகவில்லை என்றால், பெட்டி அனுப்பும் காரணக் குறியீட்டில் கையொப்பம், அடிப்படை ஹேஷ், மின்னழுத்தம், பின்வாங்கல் என நான்கும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இந்த ஒரு பைட்டை முதல் பதிப்பிலேயே வைத்திருந்தால், வளைவுக்கு அப்பால் நிற்கும் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று ஊகிக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒன்றிரண்டு எஞ்சும். அவற்றுக்காக மறுபடி மல்டிகாஸ்ட் வேண்டாம். விடுபட்ட துண்டுகளை அந்தப் பெட்டிக்கு மட்டும், அது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காது திறக்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுங்கள். இருபது துண்டு பாக்கி என்றால் ஐந்து மணி நேரம்.